சத்தமே போடாத சுழல்

மார்ச் 31 கணக்கு முடிப்பு. ஒரு மொத்த வியாபாரக் கடையில் பழைய ஊழியர் விட்டுப்போன எக்செல் கோப்பில் வேலை செய்துகொண்டிருந்தார் புதிதாகச் சேர்ந்த கணக்கர். செலவுக் கட்டமான B10-இல் கைதவறி ‘12,00,000 ரூ’ என்று அடித்துவிட்டார். எண்ணோடு எழுத்து கலந்ததால் கீழே இருந்த கட்டங்களிலெல்லாம் #VALUE! என்று வந்தது. ‘ரூ’வை அழித்தார். B11-இல் லாபம் 5,50,000 எனச் சரியாக வந்துவிட்டது. ஆனால் மேனேஜர் கமிஷன் (B12), நிகர லாபம் (B13) இரண்டிலும் பிழை அப்படியே நின்றது.

“தப்பைத் திருத்திட்டேன் சார், கமிஷன் மட்டும் மாறவே மாட்டேங்குது” என்று முதலாளியிடம் சொல்லிவிட்டு, இரு கட்டங்களின் சூத்திரங்களையும் திறந்து பார்த்தார்.

```
B12: =B13*10%
B13: =B11-B12
```

கமிஷனுக்கு நிகர லாபம் வேண்டும். நிகர லாபத்துக்கோ கமிஷன் வேண்டும். இதைத்தான் சர்க்குலர் ரெஃபரன்ஸ் என்கிறார்கள். கமிஷன் போக மிஞ்சும் லாபத்தில் 10 சதவீதம் மேனேஜருக்கு என்பது கடையின் ஒப்பந்தம். அதை அப்படியே சூத்திரமாக எழுதியதில் இந்தச் சுழல் வந்திருக்கிறது.

வழக்கமாக எக்செல் இதை உடனே எச்சரிக்கும். ஆனால் File > Options > Formulas பக்கத்தில் Enable iterative calculation என்ற டிக் போடப்பட்டிருந்தால் எச்சரிக்கை வராது. மாறாக, விடை அசையாமல் நிற்கும்வரை, வழக்கமான அமைப்பில் அதிகபட்சம் 100 முறை, திரும்பத் திரும்பக் கணக்கிடும். முதல் சுற்றில் 55,000, அடுத்து 49,500, பிறகு 50,050 என்று நெருங்கி 50,000-இல் நிற்கும். விடை சரியாக வந்ததால் யாரும் உள்ளே பார்க்கவில்லை. சுழலுக்குள் ஒருமுறை பிழை புகுந்தால் இரு கட்டங்களும் அதை ஒன்றுக்கொன்று கொடுத்துக்கொண்டே இருக்கும். வெளியே திருத்தினாலும் அது போகாது.

இந்த அமைப்பை எக்செல் முதலில் திறக்கும் கோப்பிலிருந்து எடுத்துக்கொள்கிறது. அதனால் ஒரே கோப்பு ஒருநாள் எச்சரிக்கும், மறுநாள் பேசாமல் இருக்கும்.

கணக்கர் டிக்கை எடுத்தார். எச்சரிக்கை வந்தது, திரையின் அடியில் Circular References என்று கட்டத்தின் முகவரியும் தெரிந்தது. நிகர லாபம் 100 என்றால் கமிஷன் 10, கமிஷனுக்கு முந்தைய லாபம் 110. ஆகவே B12-ஐ இப்படி மாற்றினார்:

```
=MAX(0,B11*10/110)
```

கமிஷன் 50,000, நிகர லாபம் 5,00,000. சுழல் போய்விட்டது. நஷ்ட வருடத்தில் கமிஷன் மைனஸில் போகாதபடி MAX பார்த்துக்கொள்ளும்.

பிறர் செய்த ஆண்டுக் கணக்குக் கோப்பு உங்கள் கைக்கு வந்தால், முதல் எண்ணை அடிக்கும் முன் அந்த டிக்கை எடுத்துவிட்டுப் பாருங்கள்.