வாடகையை எந்தத் தேதியிலிருந்து ஏற்றுகிறீர்கள்?

"விலைவாசி ஏறிவிட்டது. அடுத்த மாதத்திலிருந்து வாடகை 17,000. முடியாவிட்டால் காலி செய்துகொள்ளலாம்."

ஜூன் 28 அன்று இரவு இப்படி ஒரு வாட்ஸ்அப் செய்தி வருகிறது என்று வைத்துக்கொள்வோம். பெரம்பூரில் 750 சதுர அடி வீடு. குடித்தனக்காரர் 2017 முதல் அங்கேயே இருக்கிறார். இப்போது தருவது 14,000 ரூபாய். கடைசியாக வாடகை ஏறியது 2022 ஜூனில். வீட்டுக்காரருக்கு உயர்வு கேட்க நியாயம் உண்டு, மூன்று வருடமாக அவர் ஒரு ரூபாயும் கூட்டவில்லை. ஆனால் இந்த மூன்று வரிகள் அந்த நியாயத்தைக் கெடுத்துவிடுகின்றன.

முதல் சிக்கல் தேதி. 'அடுத்த மாதம்' என்றால் எது? சில வீடுகளில் ஜூலை வாடகையை ஜூலை 5-க்குள் முன்கூட்டியே கொடுப்பார்கள். சில வீடுகளில் ஜூன் மாதம் குடியிருந்ததற்கான வாடகையை ஜூலை 5-இல் கொடுப்பார்கள். இரண்டும் நம் ஊரில் வழக்கம்தான். 'ஜூலையிலிருந்து' என்று மொட்டையாகச் சொன்னால், ஜூலையில் கைமாறும் பணமா, ஜூலையில் குடியிருப்பதற்கான பணமா என்று தெரியாது. ஒரு மாதத்துக்கு 3,000 ரூபாய் வித்தியாசம், அதை வைத்து ஒரு சண்டை. அதனால் எந்த மாதத்து வாடகை, எந்தத் தேதிக்குள் தர வேண்டும் என்ற இரண்டையும் எழுதிவிட வேண்டும். அதற்கு முந்தைய மாதம் வரை பழைய வாடகைதான் என்பதையும் சேர்த்துவிட்டால் குழப்பத்துக்கு இடமே இருக்காது.

செய்தி வந்ததற்கும் புது வாடகை தொடங்குவதற்கும் நடுவே இருப்பது ஒரு வாரம்கூட இல்லை. எட்டு வருடம் ஒழுங்காக வாடகை கொடுத்தவர், கட்டுப்படியாகாவிட்டால் வேறு வீடு பார்க்க வேண்டும், அங்கே அட்வான்ஸ் புரட்ட வேண்டும், பிள்ளைகளின் பள்ளிக்கூடத்தை யோசிக்க வேண்டும். மூன்று மாத அவகாசம் தருவதே முறை. அக்ரிமென்ட்டில் அதற்கு மேல் எழுதியிருந்தால் அதுதான் கணக்கு.

அடுத்தது காரணம். 'விலைவாசி' என்பது யாருக்கும் பதில் சொல்லாத சொல். வீட்டுக்காரர்கள் அதிகம் சொல்லும் காரணம் வீட்டு வரி. அது உண்மைதான், ஆனால் எவ்வளவு? 2022 ஏப்ரலில் தமிழக அரசு அறிவித்த சொத்து வரி உயர்வில், சென்னை மாநகராட்சியின் பழைய பகுதிகளில் 601 முதல் 1,200 சதுர அடி வரையுள்ள வீடுகளுக்கு 75 சதவீதம் கூடியது. இந்தப் பெரம்பூர் வீட்டுக்கு அரையாண்டு வரி 1,800 ரூபாயாக இருந்திருந்தால் 3,150 ஆகியிருக்கும். ஆறு மாதத்துக்கு 1,350 ரூபாய் கூடுதல், மாதத்துக்கு 225 ரூபாய். வரி உயர்வைக் காட்டி 3,000 ரூபாய் கேட்டால், ரசீதைப் பார்க்கும் குடித்தனக்காரருக்கு வீட்டுக்காரர் சொல்லும் மற்றதெல்லாம்கூட சந்தேகமாகத்தான் தெரியும். சொல்லும் காரணம் கேட்கும் தொகையைத் தாங்க வேண்டும்.

வெள்ளையடித்தேன், பழைய பைப்பை மாற்றினேன் என்பதும் அவ்வளவு பலமான காரணம் இல்லை. 2017-இல் இயற்றப்பட்டு 2019 பிப்ரவரியில் நடைமுறைக்கு வந்த தமிழ்நாட்டின் வாடகைச் சட்டம், வேறு மாதிரி ஒப்பந்தம் இல்லாவிட்டால், இத்தகைய பராமரிப்பை வீட்டுக்காரரின் பொறுப்பாகவே வைக்கிறது.

பலமான காரணம் வீட்டுக்காரரின் பீரோவிலேயே இருக்கிறது. பழைய பதினோரு மாத அக்ரிமென்ட்டில் 'வருடத்துக்கு 5 சதவீதம் உயர்வு' என்று ஒரு வரி இருக்கிறது. அதை வைத்துக் கணக்குப் போட்டால் 14,000 என்பது 2023 ஜூனில் 14,700, 2024-இல் 15,435, 2025-இல் சுமார் 16,207. ஆக, 17,000 கேட்க அவரிடம் ஆதாரம் இல்லை, 16,200 கேட்க இருக்கிறது. 800 ரூபாயை விட்டுக்கொடுத்தால், மறுத்துப் பேச முடியாத ஒரு கணக்கு கையில் கிடைக்கிறது. ஏற்றாமல் விட்ட மூன்று வருடத்துப் பாக்கியை இப்போது கேட்காமல் இருப்பதும், கேட்கவில்லை என்பதை எழுத்தில் சொல்வதும் அவசியம். அந்த பயம் குடித்தனக்காரர் மனதில் கட்டாயம் இருக்கும்.

திருத்தி எழுதினால் கடிதம் இப்படி வரும்:

"1 ஜூலை 2025.

ஐயா, வணக்கம். 2017 முதல் நீங்கள் வீட்டை நன்றாக வைத்திருக்கிறீர்கள், வாடகையும் தவறாமல் தருகிறீர்கள். கடைசியாக 2022 ஜூனில் வாடகை 14,000 ரூபாய் ஆனது. நம் அக்ரிமென்ட்டில் வருடத்துக்கு 5 சதவீதம் உயர்வு என்று பேசியிருந்தாலும், 2023, 2024, 2025 மூன்று வருடங்களும் நான் ஏற்றவில்லை. அந்தக் கணக்குப்படி வாடகையை 16,200 ரூபாயாக மாற்றக் கேட்டுக்கொள்கிறேன்.

புது வாடகை 2025 அக்டோபர் மாதத்துக்கான வாடகையிலிருந்து தொடங்கும். அதை வழக்கம்போல் அக்டோபர் 5-க்குள் தரலாம். செப்டம்பர் வாடகை வரை 14,000-தான். முந்தைய வருடங்களுக்குப் பாக்கி எதுவும் கேட்கவில்லை. அட்வான்ஸ், மெயின்டனன்ஸ், கரண்ட் பில் எதிலும் மாற்றமில்லை. அடுத்த உயர்வு 2026 அக்டோபருக்கு முன் இருக்காது.

தொகையிலோ தேதியிலோ சிரமம் இருந்தால் ஜூலை 31-க்குள் சொல்லுங்கள், உட்கார்ந்து பேசலாம். சம்மதம் என்றால் புது அக்ரிமென்ட் போட்டுக்கொள்வோம்."

காலி செய்யச் சொல்லும் வாக்கியம் இதில் இல்லை. வாடகையைக் கூட்டுவது ஒரு விஷயம், காலி செய்யச் சொல்வது வேறு விஷயம். இரண்டையும் ஒரே தாளில் போட்டால், பேச்சுவார்த்தைக்கு வந்திருக்க வேண்டியவர் வக்கீலிடம் போவார். அதே காரணத்தால், குடித்தனக்காரர் மறுத்தாலும் தண்ணீரையோ கரண்டையோ நிறுத்தக் கூடாது. அது சட்டப்படி தவறு.

கடைசி வரியில் வரும் புது அக்ரிமென்ட் சும்மா மரியாதைக்கு எழுதியது இல்லை. பதினோரு மாதப் பத்திரம் முடிந்து, புதுப்பிக்காமலே வருடக்கணக்கில் ஓடும் வீடுகள் ஏராளம். காலாவதியான பத்திரத்தின் 5 சதவீத வரி, பேச்சுக்கு நியாயமான அடிப்படை. ஆனால் அதை வைத்துக் கட்டாயப்படுத்த முடியும் என்று வீட்டுக்காரர் நம்பியிருக்கக் கூடாது. கடிதம் கேட்பதற்கு மட்டுமே, இரு தரப்பும் கையெழுத்திட்ட ஒப்பந்தம்தான் வாடகையை மாற்றுகிறது. வாடகை ஒப்பந்தம் எழுத்தில் இருக்க வேண்டும், வாடகை அதிகாரியிடம் பதிவாக வேண்டும் என்பதே இன்றைய சட்டம். பேசியும் தொகை ஒத்துவராவிட்டால் போக வேண்டிய இடமும் அந்த அதிகாரிதான்.

கடிதத்தை இரண்டு பிரதி எடுத்து, ஒன்றில் 'பெற்றுக்கொண்டேன்' என்று தேதியோடு கையெழுத்து வாங்கிக்கொள்வது நல்லது. நேரில் கொடுக்க முடியாதவர்கள் ஸ்பீடு போஸ்ட்டில் அனுப்பி ரசீதை வைத்துக்கொள்ளலாம். வாட்ஸ்அப்பில் படமாகவும் அனுப்புங்கள், ஆனால் அதோடு நிறுத்திவிடாதீர்கள்.

இப்படி ஒரு கடிதம் கைக்கு வரும் குடித்தனக்காரர்களும் உடனே கையெழுத்துப் போட வேண்டாம். பழைய அக்ரிமென்ட்டை எடுத்து சதவீதத்தைச் சரிபாருங்கள், கடைசியாக உயர்ந்த மாதத்தைச் சரிபாருங்கள், பிறகு பதிலையும் எழுத்திலேயே கொடுங்கள்.