கயிறா, கோந்தா? சாந்தோம் கடற்கரையில் ஒரு பிளாஸ்டிக் கதை!

சாந்தோம் கடற்கரையில் படகுகளைக் கட்டியிருக்கும் பிளாஸ்டிக் கயிறுகளைக் கவனித்திருக்கிறீர்களா? அவற்றில் பல பாலிப்ரோப்பிலீனால் ஆனவை. அதே பாலிப்ரோப்பிலீன், பிசுபிசுவென ஒட்டும் கோந்தாகவும் இருக்கும். அணுக்கள் ஒன்றுதான். பிறகு ஏன் இந்த வித்தியாசம்?

இதன் மூலக்கூறு ஒரு நீளமான சங்கிலி. அதில் ஒன்றுவிட்டு ஒரு கார்பனில் 'மெத்தில்' என்ற சின்னக் கிளை இருக்கும். கிளைகள் எல்லாம் ஒரே பக்கம் அமைந்தால் சங்கிலிகள் சீராகச் சுருண்டு, மடித்து அடுக்கிய புடவைகள் போல நெருங்கிப் படிகமாகும். கிளைகள் தாறுமாறாக இருந்தால் அடுக்கவே முடியாது, அதுதான் கோந்து. ஒழுங்கான வகையை 1954-ல் உருவாக்கிய இத்தாலியின் கியூலியோ நாட்டா, 1963-ல் நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்டார்.

உருகிய பிளாஸ்டிக் ஆறும்போது ஒரு புள்ளியிலிருந்து எல்லாத் திசையிலும் படிகத் தகடுகள் வளர்ந்து உருண்டையாகும். இதன் பெயர் ஸ்ஃபெருலைட். ஹோட்டல் பார்சல் டப்பா மங்கலாகத் தெரிவது, இவை ஒளியைச் சிதறடிப்பதால்தான். மெதுவாக ஆறினால் உருண்டைகள் பெரிதாகி, அவை முட்டிக்கொள்ளும் எல்லையில் விரிசல் விழலாம். கயிறு இழையை இழுத்து நீட்டும்போது உருண்டைகள் குலைந்து, படிகங்கள் நீளவாக்கில் வரிசைப்படும். கயிற்றின் பலம் அதுதான்.

பக்கத்திலேயே இருக்கும் தெர்மாகோல் மீன் பெட்டி, பாலிஸ்டைரீன். அதில் கிளைகள் தாறுமாறு; படிகமே கிடையாது. 100 டிகிரி செல்சியஸை ஒட்டி இளகிவிடும். பாலிப்ரோப்பிலீன் படிகங்கள் உருகவோ சுமார் 160 டிகிரி வேண்டும். கொதிக்கிற சாம்பாரை தெர்மாகோல் கிண்ணத்தில் ஊற்றும் முன் இது நினைவிருக்கட்டும்!