கோடைக்குள் அடங்கும் ஐந்து ஆடுகள்

ஐப்பசியில் ஊறிய கிணறு பங்குனியில் அடிமட்டத்துக்கு இறங்கிவிடும் மானாவாரிச் சீமைகளில், ஒரு ஏக்கர் வைத்திருக்கும் குடும்பத்துக்குப் பொருத்தமான துணைத்தொழில் ஆடு வளர்ப்பு. காரணம் எளிது. கோடை வெயிலில் ஒரு சென்ட் தீவனப்புல் பச்சையாக நிற்க நாளொன்றுக்குச் சுமார் 200 லிட்டர் தண்ணீர் வேண்டும். ஐந்து பெட்டை ஆடுகள் குடிக்க 25 லிட்டர், அதாவது இரண்டு குடம் போதும்.

ஆனால் ஆடு குடிக்கும் தண்ணீரைவிட அதன் தீவனத்துக்குச் செலவாகும் தண்ணீரே பெரிது. ஆகவே தண்ணீர் கேட்கும் புல்லை நம்பாமல், வேலியோரத்தில் கிளைரிசிடியாவும் சூபாபுலும் வைப்பது நல்லது. இவை முதல் இரண்டு ஆண்டு பிழைத்துவிட்டால் வேர் ஆழத்தில் இறங்கி, கோடையிலும் தழை தரும். சூபாபுல் தழையை மட்டும் மொத்தத் தீவனத்தில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் கொடுக்கக் கூடாது. அதிலுள்ள நச்சுப்பொருளால் முடி உதிரும்.

இதைவிட முக்கியம் பருவக் கணக்கு. ஆட்டின் சினைக்காலம் ஐந்து மாதம். ஆடித் தொடக்கத்தில் கிடாயிடம் விட்டால், தீவனம் அதிகம் தேவைப்படும் கடைசி இரண்டு சினை மாதங்கள் ஐப்பசி, கார்த்திகை மழையில் வரும். மார்கழியில் குட்டி ஈனும். தை, மாசியில் பசுந்தழை இருப்பதால் பால் குறையாது. சித்திரையில் குட்டிகள் தாயை மறந்திருக்கும். கிடாக்குட்டிகளை ஊர்க்கொடை நேரத்தில் விற்றுவிடலாம். தண்ணீர் குறைந்த நாட்களில் எஞ்சுபவை சினையோ பாலோ இல்லாத தாய் ஆடுகளும் பெட்டைக்குட்டிகளும்தான். இரண்டு ஆண்டில் மூன்று ஈற்று எடுப்பவர்களைவிட இதில் குட்டி குறையும். அந்த இழப்பை ஏற்றுக்கொள்ளத்தான் வேண்டும்.

இதற்குச் சொந்தக் கிடாய் இல்லாதிருப்பதே நல்லது. பருவத்துக்கு வந்த பெட்டை ஓயாமல் கத்தும், வாலை ஆட்டும். சுமார் 20 நாளுக்கு ஒருமுறை இது திரும்பும். அப்போது அயலார் கிடாயிடம் ஓட்டிச் செல்லலாம்.

ஐந்து தாய் ஆடுகளுக்குக் கோடையின் 60 நாளுக்குச் சுமார் 300 கிலோ உலர்ந்த தீவனம் ஆகும். அதில் பாதியை மரத்தழை கொடுக்கும். மீதி 150 கிலோவுக்குக் கடலைக்கொடியைக் காயவைத்துப் போர் போட வேண்டும். நிறுத்திவைக்கும் ஒவ்வொரு பெட்டைக்குட்டிக்கும் இந்தக் கணக்கு கூடும். வறட்சியில் வாடிய இளஞ்சோளப் பயிரில் மட்டும் ஆட்டை விடக் கூடாது. அதன் நஞ்சு சில நிமிடங்களிலேயே கொன்றுவிடும்.

நல்ல மழை பெய்த ஆண்டில் பெட்டைக்குட்டிகளை எல்லாம் நிறுத்திக்கொள்வதில்தான் பல குடும்பங்கள் சறுக்குகின்றன. அடுத்த வைகாசியில் ஆடுகள் மெலிந்து, வந்த விலைக்குப் போகும். மாசி முடிவில் போரை அளந்து பாருங்கள். அது தாங்காத ஆடுகளைப் பங்குனிச் சந்தையிலேயே விற்றுவிடுங்கள்.