பள்ளத்தின் அடியில் 180 கிலோ

ரோலர் கோஸ்டர் இருக்கையில் ஒரு எடை இயந்திரத்தைப் பொருத்தி, 60 கிலோ எடையுள்ள ஒருவரை அதன் மேல் உட்கார வைக்கிறோம் என்று வைத்துக்கொள்வோம். உச்சியிலிருந்து 20 மீட்டர் சரிந்து இறங்கும் வண்டி, 20 மீட்டர் ஆரமுள்ள ஒரு வளைவில் திரும்பி மறுபடி மேலே ஏறுகிறது. பள்ளத்தின் அடிமட்டத்தில் முள் 180ஐத் தொடும். இயந்திரம் பழுதாகவில்லை. கன்னம் தொங்க, கை மேலே வர மறுக்க, முதுகெலும்பு அமுங்க, அவர் உடம்பும் அந்த நேரத்தில் 180 கிலோவைத்தான் உணர்கிறது.

புவியீர்ப்பு அந்த ஒரு விநாடிக்கு மூன்று மடங்காகிவிட்டதா? இல்லை. பூமி அவரை எப்போதும்போல 60 கிலோவுக்குத்தான் இழுக்கிறது. அந்த இழுப்பு உடம்பின் ஒவ்வொரு அணுவையும் ஒரே மாதிரி இழுப்பதால் நம்மால் அதை நேரடியாக உணரவே முடியாது. நாம் ‘எடை’ என்று உணர்வதெல்லாம் தரையோ நாற்காலியோ நம்மைத் திருப்பி மேலே தள்ளுகிற தள்ளலைத்தான். லிஃப்ட் மேலே கிளம்பும்போது கால் கனப்பதும், கீழே இறங்கத் தொடங்கும்போது வயிறு லேசாவதும் அதனால்தான். இப்படித் தாங்கும் பரப்பு தருகிற தள்ளலைத்தான் பாடப்புத்தகம் ‘தோற்ற எடை’ என்கிறது.

பள்ளத்தின் அடியில் வண்டி வெறுமனே நேராகப் போகவில்லை. கீழே வந்துகொண்டிருந்த அது மேல்நோக்கித் திரும்புகிறது. ஓடுகிற ஒரு பொருள் தன் போக்கில் நேராகப் போகவே பார்க்கும். அதை மேல்நோக்கி வளைக்க மேல்நோக்கிய ஒரு விசை மிச்சமாக இருந்தாக வேண்டும். பூமி கீழே இழுப்பதால், அந்த இழுப்பைச் சமன்செய்த பிறகும் வளைப்பதற்கு மீதம் இருக்கும் அளவுக்கு இருக்கை தள்ள வேண்டியிருக்கிறது.

கணக்கைப் போட்டுப் பார்ப்போம். 20 மீட்டர் இறக்கத்தின் அடியில் வேகம் விநாடிக்கு 20 மீட்டர், அதாவது மணிக்கு 72 கிலோமீட்டர். வேகத்தின் வர்க்கம் 400. அதை ஆரமான 20ஆல் வகுத்தால் 20. புவியீர்ப்பு முடுக்கத்தைச் சுமார் 10 என்று கொண்டால் இது அதன் இரு மடங்கு. ஆக, வண்டியை வளைக்க இரண்டு பங்கு, பூமியின் இழுப்பைத் தாங்க ஒரு பங்கு, மொத்தம் மூன்று. உராய்வும் காற்றும் கொஞ்சம் வேகத்தைத் தின்றுவிடுவதால் உண்மையான பாதையில் இது சற்றுக் குறையும். இந்தக் கணக்கில் மாணவர்கள் பலர் தடுமாறும் இடம் ஒன்று உண்டு: ‘மையநோக்கு விசை’ என்று மூன்றாவதாக ஓர் அம்புக்குறி போட்டுவிடுவார்கள். அப்படித் தனியாக ஒரு விசை அங்கே கிடையாது. இருக்கையின் தள்ளலிலிருந்து பூமியின் இழுப்பைக் கழித்தால் மிஞ்சுவதற்குத்தான் அந்தப் பெயர்.

இந்தக் கணக்கைக் கொஞ்சம் சுருக்கினால் எனக்கு மிகவும் பிடித்த ஒரு முடிவு கிடைக்கிறது. இறங்கிய உயரத்தை இரண்டால் பெருக்கி, வளைவின் ஆரத்தால் வகுத்து, ஒன்றைக் கூட்டினால் போதும். எடை எத்தனை மடங்காகும் என்பது வந்துவிடும். பயணியின் எடை இதில் வரவே இல்லை. 30 கிலோ சிறுமிக்கும் 90 கிலோ பெரியவருக்கும் ஒரே மூன்று மடங்குதான். உயரமும் தனியாக எதையும் தீர்மானிப்பதில்லை. 40 மீட்டர் இறங்கி 40 மீட்டர் ஆரத்தில் திரும்பினாலும் அதே மூன்று மடங்கு. அதே 40 மீட்டர் இறங்கி 20 மீட்டர் ஆரத்தில் திரும்பினால் ஐந்து மடங்கு. விளம்பரப் பலகை உயரத்தைத்தான் பெரிதாக எழுதும். உடம்பை அழுத்துவது வளைவு எவ்வளவு நெருக்கம் என்பது.

ஐந்து மடங்கு என்றால் உடம்புக்கு என்ன ஆகும்? மூளை இதயத்துக்குச் சுமார் 30 சென்டிமீட்டர் மேலே இருக்கிறது. ரத்தத்தை அந்த உயரத்துக்கு ஏற்ற, சாதாரண நிலையில் சுமார் 22 மில்லிமீட்டர் பாதரச அழுத்தம் செலவாகிறது. 120க்கு 80 என்று ரத்த அழுத்தம் இருப்பவருக்குச் சராசரி 93 அளவில் இருக்கும் என்பதால் அது பெரிய செலவல்ல. நான்கு மடங்கில் அதே செலவு 88 ஆகிவிடுகிறது. மூளைக்கு ஏறுவதற்கு அழுத்தம் அநேகமாக மிச்சமில்லை. இந்த நிலை நீடித்தால் முதலில் பார்வை மங்கும், பிறகு நினைவு தப்பும். ரோலர் கோஸ்டரில் பெரும்பாலும் அப்படி நடக்காததற்குக் காரணம் நேரம். நாம் பார்த்த பள்ளத்தை வண்டி இரண்டு விநாடிக்குள் கடந்துவிடுகிறது. ஏற்கெனவே இருக்கும் ஆக்ஸிஜனைக் கொண்டு மூளை சில விநாடிகள் சமாளித்துக்கொள்ளும். அதனால்தான் வடிவமைப்பாளர்கள் எத்தனை மடங்கு என்பதோடு எவ்வளவு நேரம் என்பதையும் சேர்த்தே வரம்பு வைக்கிறார்கள்.

மூன்றாவதாக ஒன்று இருக்கிறது. அதைப் பொறியாளர்கள் அடிபட்டுத்தான் கற்றார்கள். 1895இல் நியூயார்க்கின் கோனி ஐலண்டில் ‘ஃபிளிப் ஃபிளாப்’ என்ற தலைகீழ் வளையம் திறக்கப்பட்டது. விட்டம் சுமார் 25 அடி, சரியான வட்டம். வட்டத்தின் உச்சியில் பிடிமானம் இல்லாமலே வண்டி விழாமல் கடக்க வேண்டுமானால், அடியில் எடை குறைந்தது ஆறு மடங்காகியே தீரும். வட்டம் பெரிதோ சிறிதோ, இந்த ஆறு மாறாது. அதைவிட மோசமானது அது வந்து சேரும் விதம். நேர்ப்பாதை முடிந்து வட்டம் தொடங்கும் புள்ளியில் வளைவு ஒரேயடியாக வந்துவிடுகிறது. ஒரு மடங்கு எடையில் இருந்த தலை கண்ணிமைக்கும் நேரத்தில் பல மடங்காகும்போது கழுத்துத் தசைகள் இறுகித் தாங்குவதற்கு அவகாசமே இல்லை. பயணிகளுக்குக் கழுத்திலும் முதுகிலும் வலி வந்தது. அந்த வளையம் சில வருடங்களிலேயே மூடப்பட்டது.

1976இல் கலிஃபோர்னியாவின் மேஜிக் மவுண்டனில் திறந்த ‘ரெவல்யூஷன்’ இதற்கு விடை சொன்னது. கட்டியவர் அன்டன் ஸ்வார்ஸ்கோஃப், கணக்குப் போட்டவர் வெர்னர் ஸ்டெங்கல், இருவருமே ஜெர்மானியர்கள். ரயில்பாதையிலும் நெடுஞ்சாலையிலும் ஏற்கெனவே பழகியிருந்த கிளோத்தாய்ட் என்ற வளைவை அவர்கள் வளையத்துக்குக் கொண்டுவந்தார்கள். இதில் நெருக்கம் கொஞ்சம் கொஞ்சமாகக் கூடும். வேகம் அதிகமாக இருக்கும் அடியில் ஆரம் பெரிது, வேகம் குறைந்துவிடும் உச்சியில் ஆரம் சிறிது. அதனால் வளையம் வட்டமாக இல்லாமல் கண்ணீர்த் துளி போல நீண்டு தெரியும். இன்று பள்ளங்களையும் இதே முறையில்தான் வளைக்கிறார்கள்.

பள்ளத்தின் கனத்தை முழுசாக உணர விரும்புகிறவர்கள் நடுப்பெட்டியில் உட்காரலாம். வண்டித் தொடரின் நடுப்பகுதி அடிமட்டத்தைக் கடக்கும்போதுதான் மொத்தத் தொடரும் அதிகபட்ச வேகத்தில் இருக்கும். முன்பெட்டி பள்ளத்தைத் தொடும்போது பின்பெட்டிகள் இன்னும் மேலேதான் இருக்கின்றன.

எங்கே உட்கார்ந்தாலும், பள்ளம் வருவதற்கு முன் தலையை இருக்கையோடு சாய்த்து நேராக வையுங்கள். பெரியவர் ஒருவரின் தலை ஐந்து கிலோ அளவில் இருக்கும். அடியில் அது 15 கிலோ. குனிந்து பக்கத்துப் பிள்ளையைப் பார்த்துக்கொண்டிருந்தால் அந்த 15 கிலோவையும் கழுத்து ஒன்றே தாங்க வேண்டும். கழுத்துவலி, முதுகுவலி, இதயநோய் உள்ளவர்களும் கர்ப்பிணிகளும் ஏறவேண்டாம் என்று நுழைவாயிலில் எழுதியிருப்பது இந்தக் கணக்கை வைத்துத்தான். அதைப் படித்துவிட்டு வரிசையில் நில்லுங்கள்.