முதுகுவலிக்கு ஒரு பக்கவாட்டுப் படம்

2020 மார்ச் 18 அன்று மலேசியாவில் நடமாட்டக் கட்டுப்பாட்டு ஆணை வந்தபோது, அலுவலக வேலை பல வீடுகளின் சாப்பாட்டு மேசைக்குக் குடிபெயர்ந்தது. நெகிரி செம்பிலானில் லாபு, ரந்தாவ், லிங்கி பக்கத்துத் தோட்டங்களிலிருந்து சிரம்பானுக்கும் நீலாய்க்கும் வேலைக்குப் போன பிள்ளைகளும் அப்படித்தான் உட்கார்ந்தார்கள். பிளாஸ்டிக் நாற்காலி, சாப்பாட்டு மேசை, மடிக்கணினி. பலருக்கு அந்த ஏற்பாடு அப்படியே நிலைத்துவிட்டது, கூடவே இடுப்புவலியும்.

இந்த வலிக்கு எங்கே கை வைப்பது என்று கண்டுபிடிக்க ஒரு கைப்பேசிப் படம் போதும். உடலின் கோணங்களைப் பார்த்து மதிப்பெண் போடும் முறை புதிதல்ல. இங்கிலாந்தின் நாட்டிங்ஹாமில் மெக்கடாம்னி, கார்லெட் என்ற இரு ஆய்வாளர்கள் 1993-இல் வெளியிட்ட 'ரூலா' முறை இன்றும் புழக்கத்தில் உள்ளது. கழுத்து 20 பாகைக்கு மேல் முன்னால் குனிந்தால் அதில் மதிப்பெண் ஏறும். ஏறினால் ஆபத்து கூடுகிறது என்று பொருள்.

படம் பக்கவாட்டிலிருந்து எடுக்கப்பட வேண்டும். கைப்பேசியை முழங்கை உயரத்தில், மூன்று மீட்டர் தள்ளி, சாய்க்காமல் வைக்க வேண்டும். அளவுகோலாக ஓர் ஏ4 தாள் போதும். அதன் நீளம் 29.7 செ.மீ. அதை உட்கார்ந்திருப்பவரின் கை இருக்கும் அதே தூரத்தில், நாற்காலியின் பக்கத்தில் செங்குத்தாக ஒட்ட வேண்டும். வசதியாக இருக்கிறதென்று 60 செ.மீ. பின்னாலுள்ள சுவரில் ஒட்டினால் தாள் படத்தில் சிறுத்துத் தெரியும். கணக்கில் எல்லா உயரமும் ஐந்தில் ஒரு பங்கு கூடிவிடும்.

155 செ.மீ. உயரமுள்ள ஒரு பெண்ணை எடுத்துக்கொள்வோம். படத்தில் தாள் 198 புள்ளி நீளம் இருந்தால் ஒரு புள்ளி 0.15 செ.மீ. தரையிலிருந்து மேசைப்பரப்பு 500 புள்ளி, அதாவது 75 செ.மீ. நாற்காலி இருக்கை 43 செ.மீ. தொங்கவிட்ட கையின் முழங்கை 65 செ.மீ. மேசை முழங்கையைவிட 10 செ.மீ. உயரம். தட்டச்சு செய்யும்போது தோள் மேலே ஏறிக்கொள்வது அதனால்தான்.

மேசைக் காலை வெட்ட முடியாது, ஆகவே இருக்கையைத்தான் உயர்த்த வேண்டும். மெத்தென்ற தலையணை உட்கார்ந்ததும் அமுங்கிவிடும். கெட்டியான நுரைப்பலகை வேண்டும், அதுவும் நழுவாமல் கட்டப்பட்டிருக்க வேண்டும். இருக்கை 53 செ.மீ. ஆனதும் முழங்கையும் மேசையும் சமமாகின்றன. ஆனால் இப்போது பாதம் தரையைத் தொடாது. கால் தொங்கினால் உடல் தானாக இருக்கையின் முன் விளிம்புக்கு நகரும், முதுகு சாய்மானத்தை விட்டு விலகும், இடுப்பு வளையும். அதனால் பாதத்துக்கு 13 செ.மீ. உயர மணைக்கட்டை தேவை. மேசைக்கு அடியில் இழுப்பறை இருந்தால் தொடை இடிக்கும்; அந்த மேசைக்கு இந்த வழி ஒத்துவராது, உயரம் குறைந்த வேறு மேசைதான் தேட வேண்டும்.

பலர் தவறவிடுவது அடுத்த கட்டத்தைத்தான். இருக்கை 10 செ.மீ. ஏறியபோது கண்ணும் அதே அளவு ஏறிவிட்டது. இப்போது கண் தரையிலிருந்து சுமார் 123 செ.மீ. உயரத்தில் இருக்கிறது, மடிக்கணினித் திரையின் மேல்விளிம்போ 97 செ.மீ. உயரத்தில்தான். தோளுக்கு நல்லது செய்யப்போய்க் கழுத்துக்குக் கேடு வந்துவிட்டது. திரையின் மேல்விளிம்பு கண்மட்டத்திலோ சற்றுக் கீழேயோ வர, கணினிக்கு அடியில் 20 முதல் 25 செ.மீ. வரை அடுக்க வேண்டும். அப்போது அதன் விசைப்பலகை எட்டாத உயரத்துக்குப் போய்விடும் என்பதால், தனி விசைப்பலகையும் சுட்டியும் வாங்காமல் முடியாது. இந்த ஏற்பாட்டில் முக்கியமாகக் காசு செலவழிக்க வேண்டிய இடம் இதுதான், அதைத் தள்ளிப்போடக் கூடாது. இருகுவியக் கண்ணாடி போட்டவர்கள் மட்டும் திரையை இன்னும் தாழ்த்திக்கொள்ள வேண்டும். இல்லாவிட்டால் கீழ்க்கண்ணாடி வழியே பார்க்கத் தலையைப் பின்னால் சாய்ப்பார்கள்.

பிறகு மறுபடி ஒரு படம். "படம் எடுக்கிறேன்" என்று சொன்னதுமே யாராக இருந்தாலும் நிமிர்ந்து உட்கார்ந்துவிடுவார்கள். அந்தப் படத்தால் பயனில்லை. வேலையில் மூழ்கி ஒரு மணி நேரமாவது ஆன பிறகு வீட்டில் ஒருவர் சத்தமில்லாமல் எடுக்கட்டும். காதுத் துளையிலிருந்து கழுத்தடி எலும்புக்கும், தோளிலிருந்து இடுப்பு மூட்டுக்கும் கோடு போட்டு, பழைய படத்தோடு ஒப்பிட வேண்டும். தொளதொளவென்ற பாஜு கூரோங்கோ சுரிதாரோ இடுப்பை மறைத்தால் இரண்டாவது கோடு பிசகிவிடும்.

எத்தனை மணி நேரம் எழாமல் உட்கார்ந்தார் என்பது எந்தப் படத்திலும் தெரியாது. அரை மணிக்கொரு முறையாவது எழுந்து நடக்காவிட்டால், சரியாக அமைத்த நாற்காலியிலும் முதுகு இறுகும். கால் மரத்துப்போனாலோ, பாதம் வலுவிழந்தாலோ, சிறுநீர் அடக்க முடியாமல் போனாலோ நாற்காலியைச் சரிசெய்துகொண்டிருக்காமல் உடனே மருத்துவமனைக்குப் போய்விடுங்கள்.