தேனீயும் குளவியும் கொட்டினால் செய்ய வேண்டியது

தேனீயின் கொடுக்கில் முட்கள் உண்டு. அது கொட்டியவுடன் கொடுக்கும் விஷப்பையும் தோலிலேயே தங்கிவிடுகின்றன. ஏறத்தாழ அரை நிமிடத்திற்குள் பெரும்பாலான விஷம் உடலில் இறங்கிவிடும். ஆதலின் நகத்தாலோ கத்தியின் முதுகாலோ, எது கைக்கு முதலில் எட்டுகிறதோ அதனால், உடனே கொடுக்கை அகற்ற வேண்டும். எவ்விதம் எடுப்பது என்பதைவிட எவ்வளவு விரைவில் எடுக்கிறோம் என்பதே முக்கியம். குளவியும் கதண்டும் பொதுவாகக் கொடுக்கை விட்டுச் செல்வதில்லை. அவை பலமுறை கொட்டவல்லவை.

தேனீ விஷத்தில் பாதியளவு மெலிட்டின் என்னும் புரதப் பொருளாகும். உயிரணுக்களைச் சிதைத்து எரிச்சலையும் வலியையும் உண்டாக்குவது இதுவே. விஷத்திலுள்ள நொதிகள் அது பரவ வழி செய்கின்றன. சிலருடைய உடல் இந்நொதிகளைப் பகைப்பொருளாகக் கொண்டு அளவு மீறி எதிர்க்கும். இதுவே ஒவ்வாமை.

தென்னந்தோப்பில் இருவரை ஆளுக்கு ஒரு தேனீ கொட்டியதாகக் கொள்வோம். முதலாமவருக்குக் கை வீங்கி, மறுநாள் வீக்கம் முழங்கை வரை ஏறுகிறது. பார்க்க அச்சம் தந்தாலும், வீக்கம் கொட்டிய இடத்தை ஒட்டியே இருப்பதால் உயிருக்கு அபாயமில்லை. சோப்பிட்டுக் கழுவி, மோதிரத்தைக் கழற்றி, ஈரத்துணியால் குளிர்ச்சி கொடுத்தால் போதும். ஒரு வாரத்திற்குள் வடியும். சுண்ணாம்பு தடவலாகாது, அது தோலைப் புண்ணாக்குமேயன்றி விஷத்தை முறிக்காது.

இரண்டாமவரைக் கொட்டியதும் கையில்தான். ஆனால் பத்து நிமிடத்தில் வயிற்றிலும் முதுகிலும் தடிப்புகள் எழுகின்றன, குரல் கம்முகிறது, தலை சுற்றுகிறது. கொட்டாத இடத்தில் தோன்றும் இக்குறிகளே ஒவ்வாமையின் அடையாளம். உதடு அல்லது நாக்கு வீங்குதல், மூச்சுத் திணறல், வாந்தி, மயக்கம் ஆகியவையும் அவ்வாறே. தடிப்பு இல்லாமலேயே மயக்கம் வருவதும் உண்டு.

இவருக்கு வேண்டிய மருந்து அட்ரினலின். தொடையின் வெளிப்புறத் தசையில் தாமதமின்றி இதனை ஊசி மூலம் செலுத்துவர். அரிப்புக்கான மாத்திரை இதற்கு ஈடாகாது. உடனே 108 ஊர்தியை அழைத்து, அவரைப் படுக்கவைத்துக் கால்களை உயர்த்தி வையுங்கள். மூச்சுத் திணறினால் சாய்ந்து உட்காரலாம்; எழுந்து நடக்க விடலாகாது. தேறியதுபோல் தோன்றினாலும், சில மணி நேரம் கழித்துக் குறிகள் மீண்டும் வரக்கூடுமாதலால் மருத்துவமனையிலேயே இருத்தல் வேண்டும். ஒருமுறை இவ்வாறு கண்டவர், அடுத்த முறை குறிகளுக்குக் காத்திராமல் மருத்துவரிடம் செல்லட்டும்.

கூட்டமாகக் கொட்டினால் ஒவ்வாமை இல்லாதவருக்கும் விஷத்தின் அளவே தீங்காகிச் சிறுநீரகம் கெடலாம். அவரையும் மருத்துவமனையில் சேர்க்க வேண்டும். வாயிலோ தொண்டையிலோ கொட்டினாலும் அவ்வாறே.

இரவு நேரத்தில் அட்ரினலின் ஊசி போடும் மருத்துவமனை அருகில் எது என்பதை ஊராட்சி உறுப்பினர்கள் முன்னரே விசாரித்து, ஊரார் அறிய எழுதி வைப்பார்களாக.