சீல் உடைந்தது யார் கையில்?

ஆன்லைனில் வாங்கிய லிப்ஸ்டிக்கின் நிறம் பிடிக்கவில்லை என்றால் திருப்பித் தரலாமா? மனம் மாறியதற்காக ஒரு பொருளைத் திருப்பித் தரும் உரிமையை நம் நாட்டுச் சட்டம் பொதுவாகக் கொடுக்கவில்லை. திரும்ப எடுப்பதும் மறுப்பதும் விற்பவர் அறிவித்திருக்கும் விதியைப் பொறுத்தது. உள்ளாடை, நீச்சலுடை, முகக் கிரீம் போன்றவற்றை வாங்கும்போது அந்த விதியைப் பணம் கட்டுவதற்கு முன்பே படித்துவிட வேண்டும். சீல் பிரிந்தால் திரும்ப எடுக்க மாட்டோம் என்று பெரும்பாலும் எழுதியிருப்பார்கள். ஒருவர் உடலில் பட்டதை இன்னொருவருக்கு விற்கக் கூடாது என்பதால், அது நியாயமான விதிதான்.

ஆனால் பல விற்பனையாளர்கள் அந்த வரியைப் பழுதான பொருளுக்கும் சேர்த்துக் காட்டுகிறார்கள். அது செல்லாது. பழுதானதாகவோ போலியாகவோ, விளம்பரத்தில் சொன்னதற்கு மாறாகவோ வந்த பொருளைத் திரும்ப எடுக்கவும் பணத்தைத் தரவும் விற்பவர் மறுக்கக் கூடாது என்கின்றன 2020ஆம் ஆண்டின் மின்வணிக விதிகள். கிரீம் கெட்டுப்போயிருப்பது மூடியைத் திறந்து முகர்ந்தால்தானே தெரியும்? அதற்காக சீலைப் பிரித்தது வாங்கியவரின் குற்றமாகாது.

சீல் உடைந்தே வந்தால்? 599 ரூபாய் லிப்ஸ்டிக் ஒன்று வருகிறது என்று வைத்துக்கொள்வோம். வெளி உறை ஒழுங்காக இருக்கிறது. உள்ளே டப்பாவின் ஒட்டுத்தாள் கிழிந்திருக்கிறது. புது லிப்ஸ்டிக்கின் நுனி சாய்வாக, பளபளப்பாக இருக்கும், இதில் மழுங்கியிருக்கிறது. உதட்டில் வைத்துப் பார்க்கவே கூடாது. உறையின் முகவரிச் சீட்டு, கிழிந்த ஒட்டுத்தாள், நுனி, தொகுதி எண், காலாவதி தேதி எல்லாம் தெரியும்படி படம் எடுத்துக்கொள்ள வேண்டும். உறையைப் பிரிக்கும்போதே வீடியோ எடுத்திருந்தால் இன்னும் நல்லது. உள்ளாடையாக இருந்தால், அடிப்பகுதியில் ஒட்டியிருக்கும் சுகாதார ஸ்டிக்கர் இருக்கிறதா, துணியில் கறையோ வாசனைத் திரவிய மணமோ இருக்கிறதா என்று பார்க்க வேண்டும்.

அன்றைக்கே தளத்தில் புகார் பதியுங்கள். காரணத்தைத் தேர்வு செய்யும் இடத்தில் ‘பிடிக்கவில்லை’ என்பதைத் தொட்டுவிடாதீர்கள். அதைத் தொட்டால் சுகாதார விதியைக் காட்டி மறுக்க வழி கிடைத்துவிடும். ‘சேதமாக வந்தது’ அல்லது ‘பயன்படுத்திய பொருள் வந்தது’ என்பதுதான் சரியான காரணம்.

தானியங்கி பதில் மறுத்துவிட்டால் தளத்தின் குறைதீர் அதிகாரிக்கு எழுதுங்கள். 48 மணி நேரத்துக்குள் புகார் கிடைத்ததை அவர் உறுதிசெய்ய வேண்டும், ஒரு மாதத்துக்குள் தீர்க்க வேண்டும். தீராவிட்டால் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணை அழைக்கலாம். அதற்கும் மசியாவிட்டால் நீங்கள் குடியிருக்கும் மாவட்டத்தின் நுகர்வோர் ஆணையத்திலேயே இரண்டு ஆண்டுகளுக்குள் வழக்குத் தொடுக்கலாம். கொடுத்த விலை ஐந்து லட்சம் ரூபாய்க்குள் என்றால் அங்கே கட்டணம் கிடையாது.